ஒரே சார்ட், இரண்டு கோடு: ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் வரைவதில் நடக்கும் தவறுகள்

ஒரு கற்பனைப் பங்கை வைத்துக்கொள்வோம். 200 ரூபாயில் கிளம்பி, நடுவில் 240 வரை ஒருமுறை இறங்கி, பிறகு 280-ஐத் தொடுகிறது. அது இடது தோள். சற்று சரிந்து 300-க்குப் போகிறது, அது தலை. மீண்டும் சரிந்து 282 வரை ஏறினால் வலது தோள். தலைக்கு இருபுறமும் உள்ள பள்ளங்களை இணைக்கும் கோடுதான் நெக்லைன். ஏற்றம் முடிந்து விலை இறங்கப் போவதன் அடையாளமாக இதைப் பார்க்கிறார்கள், ஆனால் விலை நெக்லைனுக்குக் கீழே குளோஸ் ஆகும் வரை அந்தப் பேட்டர்ன் முடியவில்லை. வலது தோள் தெரிந்ததுமே விற்றுவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

அடுத்தது, கோட்டை எங்கே ஊன்றுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதது. நம் பங்கின் இரு பள்ளங்கள் குளோசிங் விலையில் 260, 264; அன்றைய மிகக் குறைந்த விலையைக் காட்டும் விக் நுனியில் 253, 263. இடையே 4 வாரம். இரண்டாவது பள்ளத்திலிருந்து 2 வாரம் கோட்டை நீட்டினால் குளோசிங் நெக்லைன் 266-இலும், விக் நெக்லைன் 268-இலும் நிற்கும். அன்று பங்கு 267-இல் முடிகிறது. விக்கை நம்பியவர் விற்றுவிட்டார், குளோசிங்கை நம்பியவர் கையில் பங்கு அப்படியே இருக்கிறது. இருவரும் புத்தகப்படிதான் வரைந்தார்கள்.

ஒரு ஏற்றத்தில் எத்தனை சதவீதம் விலை திரும்ப இறங்கும் என்று மட்டம் போடும் ஃபிபோனாச்சி ரீட்ரேஸ்மென்ட்டில் இது இன்னும் மோசம். 200-லிருந்து 300 வரை இழுத்தால் 38.2% மட்டம் 261.8. 240-லிருந்து இழுத்தால் 61.8% மட்டம் 262.9. பங்கு 263-ஐத் தொட்டுத் திரும்பியதும் இருவரும் "பார்த்தீங்களா, என் லெவல் வேலை செஞ்சிருக்கு" என்பார்கள். வழக்கமான 23.6, 38.2, 50, 61.8, 78.6 மட்டங்களை இரண்டு தொடக்கங்களிலிருந்தும் போட்டுப் பாருங்கள். 250-க்கும் 286-க்கும் நடுவே விலை எங்கே நின்றாலும், நாலரை ரூபாய்க்குள் ஏதாவது ஒரு கோடு இருக்கும். (இவற்றில் 50% ஃபிபோனாச்சி விகிதமே இல்லை, ஆனாலும் எல்லா டூலிலும் இருக்கிறது.) திரும்பிய இடத்தைப் பார்த்துவிட்டுத் தொடக்கப் புள்ளியை மாற்றினால், எந்தக் கோடும் தோற்காது.

விமர்சகர்களின் புகாரும் இதுதான்: பேட்டர்ன் சார்ட்டில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் விதியை எழுதிக் கணினியிடம் கொடுத்தார்கள். கரோல் ஆஸ்லரும் கெவின் சாங்கும் 1995-இல் டாலருக்கு எதிரான 6 நாணயங்களில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸைச் சோதித்தபோது, ஜெர்மன் மார்க், யென் இரண்டில் மட்டும் லாபம் தெரிந்தது. ஆண்ட்ரூ லோ குழு 2000-இல் பங்கு விலைகளின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை முதலில் வழவழப்பாக்கி, பிறகு தோள், தலைக்குக் கணித வரையறை கொடுத்தது. அந்த வடிவங்களில் சிலவற்றில் விலை மாற்றம் பற்றிய தகவல் இருப்பதாகவே முடிவு வந்தது. ஆனால் தகவல் இருப்பதும் அதை வைத்து லாபம் எடுப்பதும் ஒன்றல்ல. எவ்வளவு வழவழப்பாக்குவது என்பதையும் அங்கே ஒரு மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

வரைவதானால் விக்கா குளோசிங்கா, எந்த ஸ்விங், அதாவது எந்தப் பள்ளத்திலிருந்து எந்த உச்சம் வரை, எவ்வளவு தள்ளிப் போனால் கோடு தோற்றதாகக் கொள்வது, மூன்றையும் விலை அங்கே வருவதற்கு முன்பே தேதியோடு குறித்து வையுங்கள். தோற்ற கோடுகளை அழிக்காமல் சார்ட்டிலேயே விடுங்கள்.