மறைத்து வைத்த கடன் தெரியவந்ததும் செய்யக்கூடாதவை

ஒருவர் யோசித்து யோசித்துச் செலவு செய்பவர், இன்னொருவர் தாராளமாகச் செலவழிப்பவர். இருவரும் ஒரே வரவில் குடும்பம் நடத்துகிறார்கள். திடீரென்று ஒரு நாள், ஒருவர் மற்றவரிடம் மறைத்து வைத்த 1,00,000 கடன் கிரெடிட் கார்டில் இருப்பது தெரியவருகிறது.

உடனே சேமிப்பை எடுத்து அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், ஏனென்றால் முதலில் வெளியே வரும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. பயத்தில் பாதியைத்தான் சொல்வார்கள். அதை அடைத்த பிறகு கைமாற்றும் தவணைக் கடனும் தலைகாட்டினால் சேமிப்பும் போயிருக்கும், நம்பிக்கையும் போயிருக்கும். முதலில் ஒரு தாள் எடுத்து, யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, கெடு எப்போது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இருவரும், வங்கிக் கடன்களும் கார்டு பாக்கிகளும் பதிவாகும் தங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். நண்பரிடம் வாங்கிய கைமாற்று அதில் வராது. அதனால் அதையும், யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் திட்டினால் மிச்சம் வெளியே வராது. கோபம் நியாயமானதுதான், ஆனால் கணக்கு முடியும்வரை தள்ளி வையுங்கள்.

அடுத்த தவறு, குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதி அடைவது. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வையுங்கள். முதல் மாதம் 5,000 கட்டினால் அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,000 மட்டும். பாக்கி குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைவதால், கடன் பாதியாகவே மூன்று வருடம் நெருங்கிவிடும். அதே கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் மாதம் 10,000 என்று நிலையாகக் கட்டினால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் கடன் முடிந்துவிடும்.

குறைந்த வட்டிக்கு வேறு கடன் வாங்கி இதை அடைப்பது லாபம்தான். ஆனால் அதை இருவர் பெயரிலும் வாங்கினால், ஒருவர் கட்டாதபோது முழுப் பொறுப்பும் மற்றவர் தலையில் விழும். கார்டை மூடாமலோ வரம்பைக் குறைக்காமலோ விட்டால், அது மறுபடி நிரம்பி இரண்டு கடன்களாக நிற்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு: கடன் வைத்தவர் கையில் காசே இல்லாமல் செய்துவிடுவது. ஒவ்வொரு சின்னச் செலவுக்கும் கேட்டு நிற்க வேண்டி வந்தால், மறுபடி ஒளிக்கத்தான் செய்வார். பட்ஜெட்டிலேயே இருவருக்கும் ஒரே அளவு சொந்தச் செலவுத் தொகையை ஒதுக்குங்கள். கடன் தவணை ஓடும்வரை அது சிறியதாக இருக்கட்டும், ஆனால் கணக்கு கேட்கக் கூடாது. அதற்கு மேல் எந்தத் தொகைக்குக் கலந்து பேச வேண்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை, எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் இருவரும் சேர்ந்து திறந்து பாருங்கள். ஒருவர் பார்த்து மற்றவருக்கு வாயால் சொல்வது போதாது.