நலன் முரண்பாட்டையும் வாக்களிக்காமல் இருந்தவரையும் மினிட்ஸில் எழுதுவது எப்படி?

கமிட்டி மினிட்ஸ் எழுதும் வேலை புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஒரு உறுப்பினர், "இதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போகிறார். இன்னொருவர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வாக்களிக்கவில்லை. எழுதாமல் விட்டால் சட்டச் சிக்கல். எழுதும் விதத்தில் பிசகினால், நேர்மையாகச் சொன்ன மனிதர் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போலத் தெரிவார். அந்தப் பக்கம் மினிட் புக்கில் நிரந்தரமாக இருக்கும்.

இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013-ன் கீழ் வரும் ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்முதல் கமிட்டியில் ஐந்து பேர், ஐவரும் இயக்குநர்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, மூன்று பேர் என்று போர்டு நிர்ணயித்திருக்கிறது. அஜெண்டாவில் நான்காவது பொருள், சரக்கு ஏற்றிச் செல்ல லாரி ஒப்பந்தம். மூன்று நிறுவனங்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கின்றன.

கமிட்டியில் முதல் உறுப்பினர், கொட்டேஷன் கொடுத்த ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்தில் பார்ட்னர். இரண்டாவது உறுப்பினரின் அக்கா மகன் இன்னொரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மூன்றாவது உறுப்பினருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கொட்டேஷன் ஒப்பீட்டுத் தாளைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதால் வாக்களிக்க விரும்பவில்லை. மீதி இருவர் தலைவரும் ஐந்தாவது உறுப்பினரும்.

படி 1: கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள்

ஒவ்வொரு நிதியாண்டிலும் முதல் போர்டு கூட்டத்தில் இயக்குநர்கள் எம்பிபி-1 படிவத்தில் தங்கள் சம்பந்தங்களைத் தெரிவித்திருப்பார்கள். அஜெண்டா தயாரிக்கும்போது அந்தக் கோப்பை எடுத்து, கொட்டேஷன் கொடுத்தவர்களின் பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். முதல் உறுப்பினரின் பார்ட்னர் நிலை இதிலேயே தெரிந்துவிடும். அக்கா மகன் வேலை பார்ப்பதெல்லாம் அந்தப் படிவத்தில் வராது. அதனால் அஜெண்டாவோடு, "இந்தப் பொருள்களில் யாருக்காவது சம்பந்தம் இருந்தால் கூட்டத்துக்கு முன் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி எல்லோருக்கும் அனுப்புங்கள். சந்தேகம் உள்ளவருக்கு மட்டும் அனுப்பினால், அதுவே ஒரு குற்றச்சாட்டு போல ஆகிவிடும்.

கூட்டத் தொடக்கத்தில் தலைவர் எல்லோரிடமும் இதே கேள்வியைக் கேட்பது நல்லது. எல்லோரையும் கேட்டதும், மற்றவர்கள் "இல்லை" என்று சொன்னதும் மினிட்ஸில் வந்தால், "இருக்கிறது" என்றவர் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியமாட்டார்.

படி 2: கூட்டத்தில் நேரத்தைக் குறியுங்கள்

யார் எப்போது அறிவித்தார், எப்போது வெளியே போனார், எப்போது திரும்பினார், அந்த நேரத்தில் அறையில் யார் யார் இருந்தார்கள். இவை நான்கும் உங்கள் கைக்குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் சொன்ன குடும்ப விவரங்கள் கைக்குறிப்போடு நிற்கட்டும்.

விவாதம் பாதி நடந்த பிறகுதான் ஒருவர் சம்பந்தத்தைச் சொன்னார் என்றால், நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். முதலிலேயே சொன்னதாக மாற்றி எழுதுவது அவரைக் காப்பாற்றாது. உண்மையான வரிசை வேறொருவர் கைக்குறிப்பில் இருந்தால் அவரும் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். "விவாதத்தின்போது அறிவித்தார், அதன்பின் தலைவர் அந்தப் பொருளின் விவாதத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்தினார்" என்று நடந்ததைச் சொன்னால் போதும். அப்படி மீண்டும் நடத்தும்படி தலைவரிடம் அங்கேயே தாழ்ந்த குரலில் நினைவூட்டுவதும் உங்கள் வேலைதான்.

படி 3: மூன்று பேரையும் ஒரே வரியில் சேர்க்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். "மூவரும் சம்பந்தம் காரணமாக வாக்களிக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் மூவரின் நிலையும் வேறு வேறு.

முதல் உறுப்பினருடையது சட்டக் கட்டாயம். 184-வது பிரிவின்படி, பார்ட்னராக இருக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசப்படும்போது அவர் தன் சம்பந்தத்தின் தன்மையைச் சொல்ல வேண்டும், அதில் பங்கேற்கக் கூடாது. ஆகவே "சம்பந்தம் அறிவித்தார்" என்று மட்டும் எழுதினால் பற்றாது. எப்படிப்பட்ட சம்பந்தம் என்பதும் வேண்டும். அந்தப் பொருளுக்கான கோரத்தில் அவரைச் சேர்க்கவும் முடியாது.

நம் கம்பெனியின் நடத்தை விதி நெருங்கிய உறவினர் வேலையையும் அறிவிக்கச் சொல்கிறது. இரண்டாவது உறுப்பினர் அந்த விதியின்படி அறிவித்து, தாமாகவே வெளியே போனார். இவரைச் சட்டப்படி தடைபட்டவர் என்று எழுதினால் இல்லாத ஒன்றை ஏற்றிச் சொல்வதாகிவிடும்.

மூன்றாவது உறுப்பினர் உள்ளேயே இருந்தார், விவாதத்தைக் கேட்டார், வாக்களிக்கவில்லை. அவ்வளவுதான். இவரையும் சம்பந்தப்பட்டவர் கணக்கில் எழுதினால், செய்யாத ஒன்றுக்கு அவர் பெயர் கெடும். அதோடு நிற்காது: ஐந்து பேரில் மூவர் போய்விட்டால் மீதி இருவர், கோரம் மூன்று, தீர்மானமே நிற்காது. சரியாக எழுதினால் தலைவர், மூன்றாவது உறுப்பினர், ஐந்தாவது உறுப்பினர் என மூவர் இருந்தார்கள். வாக்களிக்காவிட்டாலும் சம்பந்தமில்லாமல் உள்ளே இருந்தவர் கோரத்தில் சேர்வார்.

இதோடு ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். கமிட்டிக்குக் கோரம் எத்தனை என்று போர்டு சொல்லாமல் விட்டிருந்தால், எஸ்எஸ்-1 என்ற செக்ரட்டரியல் ஸ்டாண்டர்டின்படி எல்லா உறுப்பினர்களும் இருந்தால்தான் கோரம். அப்படியானால் ஒருவர் விலகினாலே அந்தப் பொருளைப் போர்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

படி 4: எழுதுங்கள்

முதலில், எப்படி எழுதக் கூடாது என்று பாருங்கள்.

> தன் நிறுவனமும் போட்டியில் இருப்பதை உறுப்பினர் ஒருவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். மற்றொரு உறுப்பினர், வேலையில்லாமல் இருந்த தன் அக்கா மகன் அண்மையில்தான் அந்த நிறுவனத்தில் சேர்ந்ததாகக் கூறி வெளியேறினார். இன்னொருவர் தாளைப் படிக்காமல் வந்ததால் வாக்களிக்கவில்லை.

"கடைசியில்", "ஒப்புக்கொண்டார்" என்ற இரண்டு சொல்லும் தீர்ப்புச் சொல்கின்றன. கமிட்டியிலேயே இல்லாத ஒரு இளைஞரின் வேலையில்லா நிலை தேவையே இல்லாமல் வந்திருக்கிறது. "படிக்காமல் வந்ததால்" என்பது குறை சொல்லும் தொனி. இத்தனைக்கும் சட்டம் கேட்கும் பெயர், நேரம், கோரம் எதுவும் இதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

> பொருள் 4: சரக்கு லாரி ஒப்பந்தம்
>
> இந்தப் பொருளில் சம்பந்தம் உள்ளதா எனத் தலைவர் எல்லா உறுப்பினர்களிடமும் கேட்டார்.
>
> திரு. [பெயர் 1], கொட்டேஷன் அளித்த [நிறுவனம்] நிறுவனத்தில் தாம் பார்ட்னர் என்று 184-வது பிரிவின்படி அறிவித்தார். திருமதி [பெயர் 2], கொட்டேஷன் அளித்த ஒரு நிறுவனத்தில் தம் உறவினர் பணிபுரிவதாகக் கம்பெனி நடத்தை விதியின்படி அறிவித்து, இந்தப் பொருளிலிருந்து தாமாக விலகிக்கொண்டார். மற்ற உறுப்பினர்கள் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை எனத் தெரிவித்தனர்.
>
> இருவரும் காலை 11.20-க்கு அறையை விட்டுச் சென்றனர்; விவாதத்திலும் வாக்களிப்பிலும் பங்கேற்கவில்லை. மீதமிருந்த மூன்று உறுப்பினர்களுடன் கோரம் இருந்தது.
>
> விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு: தலைவர், திரு. [பெயர் 5]. வாக்களிக்காமல் இருந்தவர்: திரு. [பெயர் 3]. எதிர்ப்பு: இல்லை.
>
> திரு. [பெயர் 1], திருமதி [பெயர் 2] இருவரும் 11.45-க்குக் கூட்டத்துக்குத் திரும்பினர்.

மூன்றாவது உறுப்பினரின் காரணம் இதில் இல்லை, கவனித்தீர்களா? எதிர்த்தவர், ஒத்துப்போகாதவர், வாக்களிக்காதவர் ஆகியோரின் பெயர்கள் வர வேண்டும் என்று 118-வது பிரிவும் எஸ்எஸ்-1-ம் சேர்ந்து சொல்கின்றன. அதனால் பெயரை மறைக்க முடியாது. காரணத்தை அவரே "பதிவு செய்யுங்கள்" என்று கேட்டால், அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகக் காரணம் கற்பிக்க வேண்டாம்.

இரண்டாவது உறுப்பினர் விஷயத்தில் "உறவினர்" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். கூடுதல் விவரம் வேண்டியிருந்தால் அவர் எழுத்தில் கொடுக்கட்டும். அதைக் கம்பெனி செக்ரட்டரி தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். இயக்குநர்களுக்குச் சம்பந்தமுள்ள ஒப்பந்தங்களைப் பதியும் எம்பிபி-4 பதிவேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டைக் கம்பெனியின் ஷேர்ஹோல்டர்கள் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கமிட்டி மினிட்ஸைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே மினிட்ஸை விடப் பதிவேடுதான் அதிகம் பேர் கண்ணில் படும் இடம்.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு வித்தியாசம் உண்டு. 2015 ஜூன் 5 அறிவிக்கையின்படி, சம்பந்தத்தை அறிவித்துவிட்டு அந்த இயக்குநர் பங்கேற்கலாம். அப்போது "சம்பந்தத்தை அறிவித்த பின் பங்கேற்றார்" என்று நடந்ததை எழுதுங்கள். கமிட்டியில் இயக்குநர் அல்லாத அதிகாரிகளும் இருந்தால், அவர்களுக்கு 184-வது பிரிவைப் போடாதீர்கள். கம்பெனி விதியைக் குறிப்பிடுங்கள்.

படி 5: வரைவைச் சுற்றுக்கு விடுங்கள்

கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு எல்லா உறுப்பினர்களுக்கும் போக வேண்டும். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 7 நாள். 30 நாளுக்குள் மினிட் புக்கில் ஏற வேண்டும்.

இந்த 7 நாளில்தான் போன் வரும். "என் பெயரை எடுத்துவிடுங்களேன்" என்று கேட்பார்கள். பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: பெயரை எடுக்க முடியாது, வார்த்தையைப் பார்க்கலாம். அவதூறாகப் படக்கூடியது, கூட்டத்துக்குத் தொடர்பில்லாதது, கம்பெனி நலனுக்குக் கேடானது ஆகியவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தலைவர் தீர்மானிக்கலாம் என்று 118-வது பிரிவே சொல்கிறது. எனவே அப்படிப்பட்ட கோரிக்கையைத் தலைவர் முன் வையுங்கள், அவர் முடிவை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டதற்காக அவருடைய வரியை மட்டும் மென்மையாக்கி, அடுத்தவர் வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரே அமைப்பிலுள்ள வரிகள் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

படி 6: நகல் கேட்டால்

ஒப்பந்தம் கிடைத்த லாரி நிறுவனமோ வங்கியோ தீர்மான நகல் கேட்கும். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது தீர்மானத்தின் வாசகம் மட்டும்தான். அதை மட்டும் சான்றிட்டுக் கொடுங்கள். சம்பந்தப்பட்டவர் பங்கேற்கவில்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்று வங்கி கேட்டால், பொருள் 4-ஐ முழுதாகக் கொடுக்கலாம். அதே கூட்டத்தின் மற்றப் பொருள்களை இணைக்க வேண்டாம். நடுவில் கறுப்பு மை பூசிய நகலைக் கொடுப்பதைவிட இது நல்லது. கறுப்பு மை எதையோ மறைப்பதாகவே தோன்றும்.