பெயர் தெரியாத நடன உருப்படியைக் கண்டுபிடிக்க

கச்சேரியில் பார்த்த பரதநாட்டிய உருப்படியின் பெயர் தெரியவில்லையா? முதலில் சொற்கட்டை நினைவுபடுத்துங்கள். பாட்டு வரிகளுக்கு நடுவே நட்டுவனார் நீளமான ஜதிகளைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் வர்ணம். 'நாதிர்தோம் திரனா' போன்ற சொற்களையே பாடியிருந்தால் தில்லானா. ஜதி அதிகமின்றி அபிநயமே நிறைந்திருந்தால் பதமாகவோ கீர்த்தனையாகவோ இருக்கும். இங்கேதான் கதை கைகொடுக்கும்.

கைகூப்பியபடி தொலைவில் தயங்கி நிற்கும் பக்தர் என்றால் நந்தனார் என்று ஊகிக்கலாம். ஆனால் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் பாடல்கள் பல ஆடப்படுகின்றன. குறுக்கே படுத்த நந்தியைத் தாண்டி எட்டிப் பார்க்கும் அபிநயம் வந்தால் அது திருப்புன்கூர்க் காட்சி. 'வழிமறைத்திருக்குதே' என்று தேடுங்கள். நந்தியே இல்லாமல், அருகில் வரலாமா என்று கெஞ்சும் பாவமும், பைரவியை நினைவூட்டும் உருக்கமான ராகமும் சேர்ந்தால் 'வருகலாமோ'. அதன் ராகம் மாஞ்சி.

ராகத்தை மட்டும் நம்பித் தேடாதீர்கள். மாஞ்சியும் பைரவியும் தேர்ந்த காதுகளையே குழப்பும். சில பாடல்களை வேறு ராகத்தில் பாடுவதும் உண்டு. காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லையாவது உடனே குறித்துக்கொள்ளுங்கள்.