ஜன்னல் கைப்பிடியின் ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டதா? முதலில் நெம்புகோலைக் கீழே வையுங்கள்

போன மாதம் பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீடு. கைப்பிடியைச் சுற்றினால் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்கள். வேலை பழக வந்த தம்பி ஒருவனிடம், “அந்தக் கைப்பிடியைக் கழற்று” என்று சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், பெரிய தட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடிக்கு அடியில் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டுக்கொண்டு நிற்கிறான். “டேய், விடு!” என்று நான் கத்தியதில் வீட்டுக்கார அக்காவே சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அவனைத் திட்டி என்ன செய்ய? பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரிதான் நின்றேன்.

ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. கீழே ஒவ்வொரு தலைப்பும் செய்யக் கூடாத ஒரு தவறு.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது

மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பன்னிரண்டாம் மாடி, மழைக்காலம். வேறு காரணம் வேண்டுமா?

அரைச் சுற்று சுற்றியதும் கழன்றுவிட்டது என்று நம்பி நெம்புவது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

கைப்பிடி உட்காரும் இரும்புத் தண்டைச் சுற்றி நீளவாக்கில் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருக்கும். கைப்பிடியின் கழுத்துக்குள்ளும் அதற்குப் பொருந்தும் பற்கள் உண்டு. சுற்றும் விசையைத் தாங்குவது இந்தப் பற்கள். பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவுக்கு ஒரே வேலைதான்: கைப்பிடி மேலே உருவிக்கொண்டு வராமல் பிடித்துக்கொள்வது. அதன் முனை இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய்க் கடித்துக்கொண்டு நிற்கும். வருடக்கணக்கில் இறுகியிருந்தால் முனை கடித்த இடத்தில் தண்டின் உலோகம் பிதுங்கி, ஓரத்தில் சின்ன மேடு எழும்பியிருக்கும். அதனால் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினாலும் முனை அந்த மேட்டில் தட்டிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறவருக்குக் கழன்ற மாதிரி தெரியும், ஆனால் கைப்பிடி வராது. “துருவில் ஒட்டிக்கொண்டது” என்று நினைத்து நெம்ப ஆரம்பிப்பார்கள்.

நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்று பாருங்கள். தண்டுக்கு அடியில் இருக்கிற கியர் பெட்டியின்மேல். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்ப்பு உலோகம் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். போதாததற்கு, ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கைப்பிடியின் கழுத்து தண்டின்மேல் சாய்ந்து, பற்கள் இன்னும் இறுகிக்கொள்ளும். இழுக்க இழுக்க அந்த விசையெல்லாம் தண்டு வழியாக உள்ளே இருக்கும் திருகுக் கியருக்குப் போகும். அது சுற்றுவதற்காகச் செய்தது, மேல்நோக்கி இழுப்பதற்காகச் செய்ததல்ல.

எனக்கு நடந்தது இதுதான். ஓங்கி ஒரு நெம்பு, ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் கைப்பிடியும் தண்டும் சேர்ந்தே விரலளவு மேலே வந்திருந்தன. பெட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. கைப்பிடி மட்டும் உடைந்திருந்தால் இருபது முப்பது வெள்ளியோடு போயிருக்கும். கியர் பெட்டி அப்படியில்லை. இடக்கை வலக்கை வேறுபாடு உண்டு, ஜன்னலைத் தள்ளித் திறக்கும் இரும்புக் கையின் நீளம் பொருந்த வேண்டும், ஆணித் துளைகளின் இடைவெளி பொருந்த வேண்டும். இங்கே ஜார்ஜ்டவுனில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆறு வாரம் ஆனது. அதுவரை ஜன்னல் சட்டத்திலிருந்து அந்தக் கையைக் கழற்றிவிட்டு, இழுத்து மூடி, தாழ்ப்பாளோடு கம்பி போட்டுக் கட்டி வைத்தேன். வாங்கிய கூலியைவிடச் செலவு அதிகம். அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, உண்மையிலேயே கழன்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பிடியை இடவலமாக ஆட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆட்டம் கியரின் ஆட்டம், அதற்கும் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தமில்லை. மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் தேய்ந்த பெட்டியில் தண்டே ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே போகும். நான் செய்வது இது: கைப்பிடியின் கழுத்து முடிந்து தண்டு வெளியே தெரிகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவேன். கையால் மட்டும் மேலே இழுப்பேன். கோட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கைப்பிடி நகர்கிறது. கோடும் கழுத்தும் சேர்ந்தே மேலே வந்தால் நகர்வது தண்டு, உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், ஸ்க்ரூவைத் தளர்த்துவதோடு நிற்காமல் முழுதாக வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். கையில் இருந்தால் சந்தேகமே இல்லை. அது வெளியே வராமல் அதே இடத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், கைப்பிடியின் துத்தநாகத்தில் இருந்த மரை போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் முனை பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

தலையைச் சுத்தம் செய்யாமல் டிரைவரை வைப்பது

தஞ்சோங் பூங்கா வீட்டில் ஸ்க்ரூவின் பள்ளம் முழுக்கத் துருப் பொடி. பள்ளம் நிறைந்திருக்கும்போது டிரைவரை வைத்தால், அது மேலோட்டமாகப் பிடித்து வழுக்கி, ஓரங்களை மழுங்கடித்துவிடும். அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. தம்பியிடம் ஒரு தையல் ஊசியைக் கொடுத்து, பள்ளத்தின் அடி தெரியும்வரை சுரண்டச் சொன்னேன். பத்து நிமிடம் முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினான். பிறகு துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு. இரண்டே சொட்டு. ஊற்றினால் அது கியர் பெட்டிக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அன்று மாலை விட்டதை மறுநாள் காலையில்தான் தொட்டோம்.

தொட்டதும் முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அழுத்தினோம். துருவின் பிடி உடைவது பெரும்பாலும் அந்த அசைவில்தான். ‘கிர்’ என்று ஒரு சின்ன நெகிழ்ச்சி கையில் தெரியும். அதற்குப் பிறகு கழற்றும் பக்கம்.

தீ

வேண்டாம். கைப்பிடியின் துத்தநாகக் கலவை 380 டிகிரி செல்சியஸ் சுமாரில் உருகிவிடும். கேஸ் டார்ச்சின் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு, பக்கத்தில் கண்ணாடி வேறு. சூடு தேவைப்பட்டால் சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் நாலைந்து நிமிடம் வையுங்கள். அதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

ஸ்க்ரூ வந்த பிறகு அவசரப்படுவது

எங்களுக்கு ஸ்க்ரூ முழுதாக வந்தது. கைப்பிடி வரவில்லை. மார்க்கர் கோடு நகரவே இல்லை. இப்போது உண்மையிலேயே பற்களுக்கு நடுவே துரு. ஆனால் இப்போது நமக்கு ஒரு வசதி கிடைத்திருக்கிறது: ஸ்க்ரூ இருந்த ஓட்டை நேராகப் பற்களுக்கே போகும் வழி. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, அக்கா கொடுத்த தே தாரிக்கைக் குடித்தோம். ஒரு மணி நேரம் போனது.

பிறகு துணி மாட்டும் மரக் கிளிப் ஒன்றைப் பிரித்தோம். அதன் இரண்டு பாதியும் இயற்கையிலேயே ஆப்பு வடிவம். கைப்பிடியின் கழுத்துக்கு அடியில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டையும் வைத்து, இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் உள்ளே தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக உயர்ந்தால் கழுத்து சாயாது. விசை கூடினால் முதலில் நசுங்குவது மரம்தான், பெட்டி தப்பிக்கும். மூன்றாவது தள்ளலில் கோட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளை இடைவெளி விழுந்தது. தம்பிதான் முதலில் பார்த்தான். மீதி கையாலேயே வந்துவிட்டது.

தலை போன ஸ்க்ரூவை டிரில் செய்வது

பக்கத்து அறை ஜன்னலில் யாரோ ஏற்கெனவே முயன்று தலையை மழுங்கடித்து வைத்திருந்தார்கள். தம்பி டிரில்லை எடுத்தான். இந்த இடத்தில் டிரில் ஆபத்தானது. ஸ்க்ரூ இரும்பு, சுற்றியிருக்கும் கைப்பிடி மென்மையான துத்தநாகம். டிரில்லின் முனை மென்மையான பக்கத்துக்கே ஓடும். நேராகவே போனாலும், ஸ்க்ரூ முடிகிற இடத்தில் அடுத்து நிற்பது தண்டின் பற்கள்.

அதைவிடக் கைப்பிடியைப் பலி கொடுங்கள். விலை குறைந்த பொருள் அதுதான். ஸ்க்ரூ இல்லாத பக்கத்தில் கழுத்தின் நீளத்துக்கு, தண்டுக்கு இணையாக, ஹேக்சா பிளேடால் ஒரு கோடு அறுக்க வேண்டும். பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்தாலே போதும், துத்தநாகம் சீக்கிரம் அறுபடும். சாம்பல் நிறத் தூள் மெத்தென்று விழுந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை. பிளேடு வழுக்குகிற மாதிரி, ‘கீச்’ என்று சத்தம் வந்தால் இரும்பைத் தொட்டுவிட்டீர்கள். அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துவது நல்லது. அந்தப் பிளவில் தட்டை டிரைவரை வைத்துத் திருகினால் வார்ப்பு தானாக வெடித்துத் திறக்கும். இங்கே அது உடைவது நமக்குச் சாதகம்.

கண்ணளவில் புதுக் கைப்பிடி வாங்குவது

பற்களின் வெளி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வழக்கமாகக் கிடைப்பவை 5/16, 11/32, 3/8 அங்குலம். அதாவது சுமார் 7.9, 8.7, 9.5 மில்லிமீட்டர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. பெரியதை வாங்கினால் மாட்டும், ஆனால் பற்கள் சரியாகக் கவ்வாது. சுற்றும் விசை முழுவதும் ஸ்க்ரூவின் முனையில் விழுந்து, சில வாரங்களில் தண்டையே வழித்துவிடும்.

அக்கா வீட்டில் இருந்தது 11/32. பழைய ஸ்க்ரூவுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, மரையில் கொஞ்சம் கிரீஸ், பற்களைப் பித்தளை பிரஷால் தேய்த்து அங்கேயும் ஒரு பூச்சு. இறுக்கும்போது இரண்டு விரலால் மட்டும். தம்பி மூன்றாவது விரலையும் சேர்த்தான். கையைத் தட்டிவிட்டேன்.