சர்க்கரை உள்ளவர்கள் பலாச்சுளையும் பலாக்கொட்டையும் அளந்து சாப்பிடும் முறை

பலாப்பழத்தில் பெரும்பாலானோர் தவறுவது அளவில்தான். 'நாலு சுளைதான் சாப்பிட்டேன்' என்பார்கள். ஆனால் ஒரு சுளை 20 கிராமும் இருக்கும், 50 கிராமும் இருக்கும். எண்ணாமல் எடை போடுங்கள்.

1. கொட்டையை எடுத்துவிட்டு, சுளையைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 60 முதல் 65 கிராம் வரை ஒரு வேளைக்குப் போதும். சிறிய சுளை என்றால் மூன்று, பெரிது என்றால் ஒன்றேகால். இதில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து வரும், அதில் பெரும்பகுதி நேரடிச் சர்க்கரை. தேன், வெல்லம், பாயசம் எல்லாம் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

2. சாப்பாட்டோடு சேர்த்தால் அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கரண்டி, அதாவது ஏறக்குறைய 50 கிராம், குறையுங்கள். சோறு முழுதும் தின்றபின் 'மேலுக்கு' சுளை எடுப்பதுதான் அளவை ஏற்றிவிடுகிறது.

3. கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, உப்புப் போட்டு, குக்கரில் மூன்று நான்கு விசில் விடுங்கள். அழுத்தினால் மாவாக உடைய வேண்டும். வேகாதது வயிற்றில் வாயுவைக் கிளப்பும். இனிப்பு இல்லையென்பதால் கொட்டையைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள், அதுவும் மாவுச்சத்துதான். ஒரு வேளைக்கு நான்கைந்து போதும். ஆறவைத்துச் சாப்பிட்டால் மாவின் ஒரு பகுதி மெதுவாகச் செரிக்கும். ஆனால் அதை நம்பி அளவைக் கூட்டக் கூடாது. அன்று சாம்பாரில் கொட்டை போட்டிருந்தால் சுளையை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

4. உங்கள் உடம்புக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று குளுக்கோமீட்டரில் பாருங்கள். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் சுளையை வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. இடையில் காபி, பிஸ்கட் வேண்டாம்.

மாலை நாலு மணிக்கு 128 இருந்தது, 60 கிராம் சுளை, ஆறு மணிக்கு 168 என்று வைத்துக்கொள்வோம். 40 ஏறியிருக்கிறது, 180-க்குள்ளும் இருக்கிறது. இந்த அளவு சரி. 210 காட்டினால் அடுத்தமுறை 30 கிராமில் தொடங்குங்கள். முன்பே 180-ஐத் தாண்டியிருந்தால் அன்று பழமே வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல்: விரலில் பலாச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் அந்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பொய்யாக அதிகம் காட்டும். பலாப்பால் தண்ணீரில் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் குத்துங்கள். திடீரென்று 260 காட்டினால் பதறுமுன் கையைக் கழுவி இன்னொரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பலாவின் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் பழத்துக்காகச் சோற்றை அடியோடு விட்டுவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தின் அளவையும் தாங்களாகக் கூட்டக் கூடாது.