குடும்ப குரூப்பில் குட் மார்னிங் படம்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

தங்கை கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளையை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குள் பதினேழு படங்கள். எனக்குத் தனியாக போன் போட்டார். "மச்சான், இதுக்கெல்லாம் பதில் போடணுமா?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

எதுவும் அனுப்ப வேண்டாம். யார், எத்தனை மணிக்கு, என்ன படம் போடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். எங்கள் குரூப்பில் 34 பேர். கும்பகோணத்து அத்தை 5.40-க்கு முதல் படம் போடுவார். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன், சனி பெருமாள் என்று கிழமை தவறாது. கீழே ஒரு ரோஜா கட்டாயம் உண்டு. ஆறரைக்குச் சித்தப்பாவின் தத்துவம், டவரா டம்ளர் படத்தோடு. அதன் பிறகு மற்றவர்கள்.

ஒரு வாரத்தில் ஒன்று புரிந்துவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்பதை அனுப்புகிறவரே சரியாகப் பார்ப்பதில்லை. தெருவில் எதிரே வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, சோற்றைப் பற்றியா கேட்கிறோம்? அதே கதைதான். "எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், உங்களையும் நினைத்தேன்" என்பதை அத்தை தமிழில் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும், அதுவும் கண்ணாடி கையில் இருந்தால். எல்லோருக்கும் தினமும் போன் போட்டால் நமக்கும் சங்கடம், அவருக்கும் பேச விஷயம் இருக்காது. பஜனை குரூப்பில் வந்த படத்தை அழுத்திப் பிடித்துத் தள்ளிவிட்டால் இரண்டு நொடியில் வேலை முடிந்தது. ஆஜர் போட்டாயிற்று.

ஆஜர் என்பது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை ஏழு மணியாகியும் அத்தையிடமிருந்து படம் வரவில்லை. அதுவரை அந்த ரோஜாக்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நான்தான் முதலில் போன் போட்டேன். "நான் நல்லாத்தாண்டா இருக்கேன். போன்தான் படுத்துக்கிச்சு. எடமில்ல, எடமில்லங்குது" என்றார்.

படி 2: போனில் இடத்தைக் காப்பாற்றுங்கள்

அத்தை போன் மட்டும் இப்படிப் படுக்கவில்லை. இந்தியாவில் இத்தனை போன்கள் ஏன் நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள்காரர்கள் தேடிப்போய், குட் மார்னிங் படங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டது 2018 தொடக்கத்தில் செய்தியாகவே வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்குப் பதினைந்து படம், படத்துக்குச் சுமார் 150 கேபி என்றால் வருடத்துக்கு 800 எம்பிக்கு மேல். இது ஒரே ஒரு குரூப்புக்கு. சினிமாப் பாட்டோடு வரும் முப்பது நொடி வீடியோக்கள் தனி.

பலரும் செய்யும் தவறு, குரூப் தகவலுக்குள் போய் Media visibility என்பதை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. ஆண்ட்ராய்டு போனில் அது புதிதாக வரும் படங்களை கேலரியில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். படம் வந்து இறங்கி இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இறங்காமல் தடுக்க வேண்டுமென்றால் Settings, அதில் Storage and data, அதில் Media auto-download. அங்கே மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் படம், வீடியோ டிக்கை எடுத்துவிடுங்கள். இனி படங்கள் மங்கலாக, ஓர் அம்புக்குறியோடு வரும். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். இது எல்லா சாட்டுக்கும் பொருந்தும் என்பதால் ஆபீஸ் படங்களையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே சேர்ந்த குப்பைக்கு அதே Storage and data-வில் Manage storage. எந்த சாட் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அத்தை போனில் அப்படித்தான் சுத்தம் செய்தோம். ஒரே எச்சரிக்கை: "எல்லாவற்றையும் தேர்ந்தெடு" என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். ரோஜாக்களுக்கு நடுவே பேரன் காதுகுத்துப் படம் இருக்கும்.

படி 3: பதில் போடுவது

ஒவ்வொரு படத்துக்கும் படம் போட்டால் பதினேழு முப்பத்துநான்காகும். அதைச் செய்யாதீர்கள். படத்தை அழுத்திப் பிடித்தால் மேலே வரும் குறிகளில் 🙏 தொட்டால் போதும். அது தனிச் செய்தியாக வந்து மற்றவர் திரையை நிரப்பாது. பெரியவர்கள் இரண்டு மூன்று பேருக்குப் போட்டால் மற்றவர்களும் வருந்த மாட்டார்கள்.

"படிக்கவே இல்லை" என்று சமாளிக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீல டிக்கை அணைத்து வைத்திருந்தாலும் குரூப்பில் அது செல்லாது. அனுப்பியவர் தன் செய்தியின் தகவலைத் திறந்தால் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். சித்தப்பா அதைத் தினமும் பார்ப்பவர்.

சத்தம் தொந்தரவாக இருந்தால் குரூப்பை மியூட் செய்யுங்கள், யாருக்கும் தெரியாது. குரூப்பை விட்டு வெளியேறினால் அட்மினுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அட்மின் பெரியம்மா. விளக்கம் தேவையில்லை.

படி 4: முன்னனுப்பும் முன் குரூப்பைத் திறந்து பாருங்கள்

மிகப் பெரிய விபத்து இங்கேதான் நடக்கும். போன வருடம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தாத்தா தவறிவிட்ட செய்தியைக் குரூப்பில் போட்டார்கள். அடுத்த செய்தி, சிரிக்கும் சூரியனோடு "இனிய நாளாக அமையட்டும்". அனுப்பிய அண்ணிக்கு மனசில் ஒன்றுமில்லை. முன்னனுப்பும்போது ஒரே நேரத்தில் ஐந்து சாட் வரை டிக் செய்யலாம். அங்கே பெயர்கள்தான் தெரியும், உள்ளே கடைசியாக என்ன வந்தது என்று தெரியாது. ஐந்து பெயரையும் டிக் செய்து அனுப்பிவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால், படத்தை அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுங்கள். அனுப்பி இரண்டு நாள் வரை முடியும். "நீக்கப்பட்டது" என்ற வரி அங்கே நிற்கும் என்பதால், கீழே "மன்னிக்கவும், கவனிக்கவில்லை" என்று ஒரு வரி தட்டுங்கள். துக்கம் நடந்த குரூப்பில் குறைந்தது காரியம் முடியும் வரை படம் போடக் கூடாது. மறுபடி யார் ஆரம்பிப்பது என்பதை அந்த வீட்டு ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. சாமி படம் என்றால் பரவாயில்லை. "வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் சர்க்கரை பறந்துவிடும்" என்று ரோஜாவுக்குக் கீழே எழுதியிருந்தால் உங்களோடு நிற்கட்டும். வேறொருவர் அனுப்பியிருந்தால் குரூப்பில் திருத்தாமல் தனியாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை இரண்டாவது வாரம் தன் முதல் படத்தைப் போட்டார். தன் வீட்டு மாடியில் பூத்த செம்பருத்தி, அவரே எடுத்தது. அத்தை உடனே அதை பஜனை குரூப்புக்குத் தள்ளிவிட்டார். நான்கு நாள் கழித்து, எங்கோ சுற்றிவிட்டு, மேலே ஒரு பிள்ளையாரும் கீழே "வாழ்க்கை ஒரு பயணம்" என்ற வரியும் ஒட்டப்பட்டு, சித்தப்பா கையால் எங்கள் குரூப்புக்கே அது திரும்பி வந்தது. மாப்பிள்ளை அதற்கும் ஒரு 🙏 போட்டார்.