பாரி, ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்: ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களில் பாதிப் பேருக்கு ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட் என்ற ஐந்து பெயர்களில் ஒன்றுதான் இருக்கும். நிலக் குத்தகையை எழுதிவைக்கும் எழுத்தர் "ஜான்" என்று மட்டும் எழுதினால் எந்த ஜான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒருவரைக் கொல்லன் ஜான் என்றும், இன்னொருவரை வில்லியம் மகன் ஜான் என்றும், மூன்றாமவரை ஓடைக்கரை ஜான் என்றும் எழுதினார்.

அப்போது இவையெல்லாம் அடைமொழிகள்தான். நம் இனிஷியல் மாதிரி அடுத்த தலைமுறையில் மாறிவிடும். பிறகு சொத்தும் வரியும் வாரிசும் ஆவணத்தில் ஏற ஏற, அடைமொழி அப்படியே தங்கிவிட்டது. 1066-ல் பிரான்ஸிலிருந்து படையெடுத்து வந்த நார்மன் பிரபுக்களிடம் தொடங்கிய பழக்கம், ஏறத்தாழ 1400-க்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரவியது. ஆகவே கொல்லன் என்று பொருள்படும் ஸ்மித் என்ற பெயரைப் பார்த்தால், அந்தப் பெயர் தங்கிப்போன காலத்தில் இருந்த ஒரே ஒரு முன்னோரைப் பற்றித்தான் அது சொல்கிறது. அவருக்கு முன்னாலும் பின்னாலும் வந்தவர்கள் கொல்லர்களா என்று அது சொல்லாது.

சரி, படிக்கத் தொடங்குவோம்.

படி 1: முதலில் அப்பாவைத் தேடுங்கள்

பெயரின் கடைசியைப் பாருங்கள். "சன்" என்று முடிந்தால் மகன். ஜான்சன், ராப்சன் எல்லாம் நேரடியானவை. வெறும் "ஸ்" என்று முடிந்தாலும் பெரும்பாலும் அதே பொருள்தான். "சன்" வடக்கிலும், "ஸ்" தெற்கிலும் மேற்கிலும் அதிகம்.

முன்பாதியில்தான் சிக்கல். அங்கே இருப்பது முழுப் பெயராக இல்லாமல் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயராக இருக்கலாம். அந்தக் கால ஆங்கிலேயர்கள் பெயரைச் சுருக்கிவிட்டு முதல் எழுத்தையும் மாற்றி எதுகை போட்டுக் கூப்பிடுவார்கள். ரிச்சர்ட் "ரிக்" ஆகி, அப்புறம் "ஹிக்", "டிக்" ஆனார். ராபர்ட் "ராப்" ஆகி, "ஹாப்", "டாப்" ஆனார்.

ஹாப்கின்ஸ் என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஹாப் என்றால் ராபர்ட். "கின்" என்றால் குட்டி. கடைசி "ஸ்" என்றால் அவருடைய மகன். ஆக, "குட்டி ராபர்ட்டின் மகன்". டிக்சன், ஹிக்ஸ் இரண்டும் ரிச்சர்டின் பிள்ளைகள்தான், பார்த்தால் உறவே தெரியாது.

வேல்ஸ் நாட்டுப் பெயர்களில் மகனைக் குறிக்கும் சொல் முன்னால் வரும். அது "ஆப்". வேகமாகச் சொல்லும்போது அதன் "ப்" அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனது, ஆப் ஹியூ பியூ ஆனது, ஆப் ஹாரி பாரி ஆனது. சென்னைப் பாரிமுனையின் பாரி இதுதான். 1788-ல் மதராஸில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி வேல்ஸ்காரர். அவருடைய பெயருக்கு "ஹாரி மகன்" என்று பொருள். கடையெழு வள்ளல்களில் ஒருவரான பாரிக்கும் இவருக்கும் தொடர்பில்லை.

ஒரு பொறி உண்டு. மேசன் என்பதும் "சன்" என்றுதான் முடிகிறது, ஆனால் அது கல்தச்சர். முன்பாதி ஆள் பெயராக இல்லையென்றால் "சன்"னை நம்பாதீர்கள்.

படி 2: தொழிலா என்று பாருங்கள்

டெய்லர், பேக்கர் போன்றவற்றுக்கு விளக்கம் வேண்டாம். தொழில் செத்துப்போய்ப் பெயர் மட்டும் பிழைத்தவைதான் சுவையானவை. எனக்குப் பிடித்தது வாக்கர்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்று தோன்றும். உண்மையில் நடந்தார்தான், ஆனால் தொட்டிக்குள் நடந்தார். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் ஆட்டு ரோமத்தின் பிசுக்கு இருக்கும், நெசவும் தளர்வாக இருக்கும். அதைத் தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் பழைய சிறுநீரும் கலந்த தொட்டியில் போட்டு, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். பிசுக்குப் போய், துணி சுருங்கி, இழைகள் இறுகிக் கெட்டியாகும். நாற்றத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதே வேலைக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். மூன்றும் இன்று தனித்தனிக் குடும்பப் பெயர்கள். ஆகவே டக்கர் என்ற பெயரைப் பார்த்தால் தொழிலோடு, முன்னோர் தென்மேற்கிலுள்ள டெவன் பக்கமாக இருக்கலாம் என்ற ஊகமும் சேர்ந்தே கிடைக்கிறது.

ஸ்பென்சரும் தொழில்தான். பிரபுவின் மாளிகையில் உணவுப் பொருள் சரக்கறையைப் பார்த்துக்கொண்டு, அளந்து கொடுத்தவர். பல சரக்கு விற்கும் கடையாக மதராஸில் வளர்ந்த ஸ்பென்சருக்கு இந்தப் பெயர் அமைந்தது தற்செயல்.

இங்கேயும் ஏமாறலாம். ஃபார்மர் என்ற குடும்பப் பெயர் பெரும்பாலும் உழவரைக் குறிக்காது. வரியையோ வாடகையையோ மொத்தக் குத்தகைக்கு எடுத்து வசூலித்தவரைக் குறிக்கும். கவர்ட் என்ற பெயர் கோழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போலவே இருக்கும், ஆனால் அவர் மாடு மேய்த்தவர். சொல்லின் இன்றைய பொருளை அப்படியே வைத்துப் படித்தால் இப்படித்தான் தடுமாறுவோம்.

படி 3: இடமா என்று பாருங்கள்

"டன்" என்றால் பண்ணை அல்லது ஊர், "லி" என்றால் காட்டில் வெட்டிய வெளி, "ஃபோர்டு" என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. நியூட்டன் என்றால் புதுப்பண்ணை, அதாவது நம் புதூர். இங்கிலாந்தில் நியூட்டன்கள் ஏராளம் என்பதால், பெயரை மட்டும் வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனவருக்குத்தான் ஒட்டும். ஊருக்குள்ளேயே இருப்பவரை யாரும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் ஹில், புரூக் போன்ற பெயர்கள் குன்றடியிலும் ஓடைக்கரையிலும் குடியிருந்தவர்களுக்கு அங்கேயே அமைந்தன.

கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் பெயரைப் பருத்தி என்று படிக்கத் தோன்றும். அது காட்டேஜ் என்ற சொல்லோடு உறவுள்ள பழஞ்சொல். "குடிசைகள் உள்ள இடம்" என்று பொருள். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு.

படி 4: பழைய எழுத்தைத் தேடிச் சரிபாருங்கள்

1538-லிருந்து இங்கிலாந்தின் தேவாலயங்களில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் ஏறின. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். அதனால் ஒரே குடும்பப் பெயர் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு பழைய எழுத்து கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். முதல் படியில் படித்ததை வைத்து, ஹிக் என்றால் ரிச்சர்ட், கின் என்றால் குட்டி என்று உடனே முடிவுகட்டிவிடுவோம். ஆனால் பின்பாதி "பாட்டம்", அதாவது பள்ளத்தாக்கு. மகனுக்குரிய ஒட்டும் இல்லை. ஆகவே இது இடப்பெயர். முன்பு லங்காஷயரில் இருந்த போல்டன் அருகே ஓக்கன்பாட்டம் என்றொரு இடம் உண்டு. ஓக் மரங்கள் உள்ள பள்ளத்தாக்கு என்று பொருள். அதுதான் வாய்க்கு வாய் மாறி, தெரிந்த செல்லப் பெயரின் சாயலைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள் பெயராய்வாளர்கள்.

முதல் மூன்று படிகளிலும் அடங்காதவை பட்டப் பெயர்களாக இருக்கும். திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப்பின் பெயர் அப்படிப்பட்டது. இந்தப் பெயர் பெற்ற முதல் ஆள், ஊர் நாடகத்தில் போப்பாண்டவர் வேடம் கட்டியவராக இருக்கலாம். அல்லது போப்பாண்டவர் கணக்காகத் தலைநிமிர்த்தி நடந்தவராக இருக்கலாம்.